தக்காளியை ஓவனில் நாலு மணி நேரம் வாட்டுவது எப்படி

ஒன்பது தக்காளி, அரை டீஸ்பூன் உப்பு, ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய், தோலுரிக்காத நாலு பல் பூண்டு. பொருள் இவ்வளவுதான். மீதி எல்லாம் தட்டு, சூடு, நேரம் இந்த மூன்றையும் பொறுத்தது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தட்டில்தான் தவறுகிறார்கள் என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லப்போகிறேன்.

நான் செய்வது 28 லிட்டர் ஓடிஜியில். பெரிய ஓவன் இருந்தாலும் முறை இதேதான், தட்டு மட்டும் பெரிதாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நாம் இங்கே தக்காளியை வேகவைக்கப் போவதில்லை, அதிலிருந்து தண்ணீரை வெளியேற்றப் போகிறோம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். சர்க்கரை ஏறத்தாழ மூன்று பங்குதான். அதனால்தான் பச்சையாகக் கடித்தால் இனிப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும் வரை தண்ணீரை விரட்டினால், அதே சர்க்கரை மூன்று மடங்கு செறிவாக நாக்கில் படும். புளிப்பும் சேர்ந்தேதான் செறிவாகும். ஆனால் இரண்டும் சேர்ந்து அடர்த்தியாக வரும்போது, ஓரங்களில் லேசாகப் பழுப்பேறிய வாசனையும் கூடி, வாய்க்குப் பழத்தின் இனிப்புதான் முன்னால் நிற்கும்.

முதல் தடவை இதைச் செய்தபோது அத்தை பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா கரண்ட்டு? மாடியில காயப்போட்டா ஆகாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாடியில் காயப்போட்டால் வற்றல் கிடைக்கும். உப்பு தூக்கலாக, தோல் போல, ஊறவைத்தால்தான் மெல்ல முடியும். தொக்கு செய்தால் கிளறக் கிளறச் சதை கரைந்து மசியலாகிவிடும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருப்பது. வெளியே சுருங்கி, உள்ளே ஜாம் போல இளகி, பாதி பாதியாக உருவம் கெடாமல் எடுக்க வேண்டும். குறைந்த சூட்டில் நிதானமாக வாட்டினால்தான் அது வரும்.

எந்தத் தக்காளி

பெங்களூர் தக்காளி என்று கடையில் விற்கும், கொஞ்சம் நீளவாட்டில் இருக்கும், தோல் கெட்டியான வகைதான் இதற்குச் சரி. அதில் சதை அதிகம், விதையும் நீரும் குறைவு. ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் நல்லது, ஆனால் ஓவனில் வைத்தால் நீரெல்லாம் போன பிறகு தோலும் விதையும்தான் அதிகம் மிஞ்சும்.

பழுத்திருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். காம்புப் பக்கம் இன்னும் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் ஓவன் அதை இனிப்பாக்காது. இல்லாத சர்க்கரையைச் செறிவாக்க முடியாது, புளிப்பு மட்டும்தான் ஏறும். அப்படிப்பட்ட தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்காமல், சமையலறை மேடையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். குளிரில் பழுப்பது நின்றுபோகும். நான் சந்தையில் தக்காளி விலை இறங்கும்போது வாங்கி, ஒரு கூடையில் காம்பு கீழே இருக்கும்படி அடுக்கி வைத்துவிடுவேன். அழுத்தினால் லேசாக இறங்கும் பதம் வந்தவுடன் ஓவனுக்குப் போகும்.

எல்லாம் ஒரே அளவாக இருப்பதாகப் பொறுக்கி எடுங்கள். ஒன்று எலுமிச்சை அளவும் இன்னொன்று கைப்பிடி அளவும் இருந்தால், சின்னது கருகும் நேரத்தில் பெரியதில் நீர் நின்றுகொண்டிருக்கும்.

தட்டு

ஓடிஜியோடு வரும் தட்டு பெரும்பாலும் ஆழம் குறைவானது, அதையே எடுத்துக்கொள்ளலாம். கேக் டின், கண்ணாடிப் பாத்திரம் போல விளிம்பு உயர்ந்தது எதுவும் வேண்டாம். விளிம்பு உயரமாக இருந்தால் தக்காளியிலிருந்து கிளம்பும் ஆவி மேலே போகாமல் பாத்திரத்துக்குள்ளேயே சுற்றும். அந்த ஈரத்தில் தக்காளி வாடாது, அவியும். விளிம்பு இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது.

தட்டின் மேல் பேக்கிங் பேப்பர் விரியுங்கள். பட்டர் பேப்பர் என்ற பெயரில் கடையில் இரண்டு விதம் விற்கிறார்கள். ஒன்று சூடு தாங்கும், இன்னொன்று மெழுகு பூசியது, பண்டம் சுற்றித் தருவதற்கானது. மெழுகுத் தாளை ஓவனில் வைக்கக் கூடாது. பாக்கெட்டில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தால் வாங்குங்கள், போடவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அலுமினிய ஃபாயிலை நேரடியாக விரிக்க வேண்டாம். நான் ஒரு தடவை விரித்தேன். நாலு மணி நேரம் கழித்துத் தக்காளியை எடுத்தபோது, ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் ஃபாயில் சாம்பல் நிறமாகி, ஊசியால் குத்தியது போலப் பொத்தல் விழுந்திருந்தது. தக்காளிப் புளிப்பும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும், தக்காளியிலும் உலோக வாடை ஏறும். பூச்சு இல்லாத அலுமினியத் தட்டுக்கும் இதே கதைதான், அதனால்தான் இடையில் தாள் வேண்டும்.

அடுத்து, இடைவெளி. 28 லிட்டர் ஓடிஜியின் தட்டில் பாதிப் பாதியாக வெட்டியவை பதினெட்டுதான் சரியாக உட்காரும், அதாவது ஒன்பது தக்காளி. ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறோமே என்று மீதியையும் இடுக்கில் செருகத் தோன்றும். செருகாதீர்கள். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் அரை விரல் இடைவெளி இருந்தால்தான் ஈரம் வெளியேறும். ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று வேகவைத்துக்கொண்டிருக்கும்.

வெட்டுவதும் அடுக்குவதும்

தக்காளியைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். நீள வகையை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். உருண்டை வகை என்றால் குறுக்கே வெட்டினால்தான் விதை அறைகள் எல்லாம் திறந்து, நீர் வெளியேற வழி கிடைக்கும். காம்பு இருந்த கெட்டியான பகுதியைக் கத்தி முனையால் கீறி எடுத்துவிடுங்கள். விதையை எடுக்க வேண்டியதில்லை. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பில்தான் சுவை நிறைய இருக்கிறது, அது வற்றி ஜாம் போல ஆவதுதான் இதில் நல்ல பாகம்.

வெட்டிய பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். தோல் அடியில் கிண்ணம் போல நின்று சாற்றைப் பிடித்துக்கொள்ளும், சாறு அங்கேயே வற்றிச் செறிவாகும். கவிழ்த்து வைத்தால் சாறு தாளில் ஓடிக் கருகும், நமக்குக் கிடைக்க வேண்டிய இனிப்பு தாளோடு போய்விடும்.

எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு துண்டின் மேலும் விட்டு, விரலால் பரப்பிவிடுங்கள். மேற்பரப்பு தோல் போல விறைக்காமல் இருக்க மெல்லிய படலம் போதும். எண்ணெய் குளம் கட்டினால் நீர் ஆவியாவது தடைப்படும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எது வேண்டுமானாலும் சரி. எனக்கு இதில் செக்கு நல்லெண்ணெய்தான் பிடித்திருக்கிறது, தக்காளியின் இனிப்போடு அதன் வாசனை நன்றாகப் போகிறது.

உப்பில் கை அடங்க வேண்டும். எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது உப்பும் மூன்று மடங்காகத் தெரியும். இப்போது நக்கிப் பார்த்தால் போதாது என்று தோன்றும் அளவுதான் கடைசியில் சரியாக இருக்கும். பதினெட்டுத் துண்டுக்கு அரை டீஸ்பூன், அவ்வளவுதான். மிளகைப் பொடித்துத் தூவலாம். பூண்டைத் தோலோடு துண்டுகளுக்கு நடுவே வையுங்கள். உரித்து நறுக்கிப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் கருகிக் கசக்கும், கசப்பு எண்ணெயில் இறங்கித் தக்காளி முழுவதும் பரவிவிடும். கறிவேப்பிலை போட விரும்பினால் கடைசி அரை மணியில் போடுங்கள்.

சூடு

120 டிகிரி செல்சியஸ், மேல் ராடு கீழ் ராடு இரண்டும், தட்டு நடுவில் அல்லது நடுவுக்கு ஒரு படி கீழே. இதுதான் அமைப்பு.

ஓடிஜியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதன் தெர்மோஸ்டாட் சூட்டை ஒரே சீராக வைக்காது. ராடு சிவந்து, குறித்த சூட்டைத் தாண்டிப் போய், அணைந்து, இறங்கி, மறுபடி சிவக்கும். முதல் தடவை சூடேறும்போதுதான் தாண்டுவது மிக அதிகம். அதனால் பத்து நிமிடம் காலியாகச் சூடாக்கி, ராடு சிவந்து அணைந்த பிறகு தட்டை உள்ளே வையுங்கள். முன்பே வைத்துவிட்டால் மேல் ராடின் அனல் ஓரங்களைத் தீய்த்துவிடும்.

குமிழில் 120 என்று திருப்பினாலும் உள்ளே 140 இருக்கலாம், சிறிய ஓடிஜிகளில் இது சாதாரணம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் சந்தேகம் தீரும். இல்லாவிட்டால் தக்காளியே சொல்லும். முதல் முக்கால் மணி நேரத்தில் கதவருகே காதை வைத்துக் கேளுங்கள். சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. சடசடவென்று பொரியும் சத்தமோ, துண்டுகளின் நடுவில் குமிழ் கொதிப்பதோ தெரிந்தால் சூடு அதிகம், பத்திருபது டிகிரி குறையுங்கள்.

விசிறி உள்ள ஓவன் என்றால் 110 டிகிரியே போதும், நேரமும் அரை மணி முக்கால் மணி குறையும். 100 டிகிரியில் வைத்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிறம் அழகாகச் சிவப்பாகவே நிற்கும், ஆனால் பழுப்பேறிய வாசனை வராது. 150இல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஓரம் கருகும்போது நடுவில் ஈரம் இருக்கும். நான் பல தடவை மாற்றிப் பார்த்து 120இலேயே நின்றுவிட்டேன். செர்ரித் தக்காளி என்றால் இதே சூட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆகிவிடும்.

மணிக்கு மணி

பல ஓடிஜிகளில் டைமர் 60 நிமிடத்துக்கு மேல் போகாது. அது நமக்கு வசதிதான். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. கதவை அகலத் திறந்து பத்து எண்ணும் வரை விடுங்கள், தேங்கிய ஆவி ஒரே மூச்சாக முகத்தை நோக்கி வரும், தள்ளி நில்லுங்கள். பிறகு தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்து, மறுபடி 60 நிமிடம். பின்பக்கம் எப்போதும் முன்பக்கத்தைவிடச் சூடாக இருப்பதால் திருப்பாவிட்டால் பாதித் தட்டு முந்திக்கொள்ளும்.

போன வாரம் செய்ததை ஒவ்வொரு மணிக்கும் தராசில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். தராசின் மேல் மரப்பலகை ஒன்றை வைத்து, காலித் தட்டின் எடையைக் கழித்துக்கொண்டால் வேலை சுலபம். தொடங்கும்போது தக்காளி 760 கிராம்.

முதல் மணியில் பெரிதாக ஒன்றும் நடக்காது. தோல் பளபளக்கும், வெட்டிய முகத்தில் சாறு மேலே வந்து கண்ணீர் போலத் தேங்கி நிற்கும். எடை 660. இந்த நிலையில் பயந்து சூட்டைக் கூட்டுபவர்கள்தான் அதிகம். கூட்டாதீர்கள்.

இரண்டாம் மணியில் தேங்கிய சாறு இறங்கி, ஓரங்கள் உள்நோக்கிச் சுருளும். துண்டுகளுக்கு இடையே இருந்த அரை விரல் இடைவெளி ஒரு விரலாகியிருக்கும். வீடு முழுக்க வாசனை வருவது இப்போதுதான். எடை 510.

மூன்றாம் மணியில் தோல் சுருக்கம் விழுந்து, விளிம்பு அடர் சிவப்பாகும். விதைப் பகுதி ஈரமாக இருந்தாலும் ஓடாது. எடை 380. பாஸ்தாவிலோ பருப்பிலோ கலந்து அன்றைக்கே சாப்பிடுவதென்றால் இங்கேயே நிறுத்தலாம், சாறோடு இருக்கும்.

எனக்கு இன்னும் முக்கால் மணி நேரம் வேண்டும். இனிமேல் கால் மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் நீர் இருக்கும் வரை அதுவே தக்காளியைக் கருகாமல் காத்தது. நீர் குறைந்துவிட்டால் சர்க்கரை வேகமாகப் பழுப்பேறும். அன்றைக்கு மூன்றே முக்கால் மணி நேரத்தில் எடை 290 வந்தது, அணைத்துவிட்டேன். தொடங்கிய எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. என் வாய்க்கு அதுதான் சரியான இடம்.

தராசு இல்லாவிட்டால் ஒரு துண்டைக் கரண்டி முதுகால் நடுவில் அழுத்துங்கள். நீர் பிதுங்கினால் ஆகவில்லை. பள்ளம் விழுந்து, மெதுவாகத் திரும்பி எழும்பி, கரண்டியில் பிசுபிசுப்பு ஒட்டினால் ஆகிவிட்டது. தூக்கிப் பார்த்தால் அடித்தோல் தாளிலிருந்து முழுசாக உரிந்து வரும், அடியில் நாணய அளவுக்குப் பழுப்பு வட்டம் இருக்கும். சூட்டில் இளகியிருப்பது ஆறியதும் இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதால், வேண்டிய பதத்துக்கு ஒரு பிடி முன்னாலேயே நிறுத்துங்கள்.

நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் அப்படியே விடுங்கள். அரை மணி, முக்கால் மணிக்குள் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு மேல் போனால் வெதுவெதுப்பாகக் கிடக்க விடாமல் எடுத்து, அடுப்பில் கடாயில் போட்டுத் தொக்காக முடித்துவிடுங்கள்.

சரியாக வராவிட்டால்

இரண்டு மணி நேரம் ஆகியும் தட்டில் தண்ணீர் ஓடி, துண்டுகள் வெளிறித் தொளதொளவென்று கிடந்தால், நெருக்கி அடுக்கியிருக்கிறீர்கள் அல்லது தட்டு ஆழமானது. அந்த நீரைச் சாய்த்து ஒரு கிண்ணத்தில் வடித்துக்கொண்டு, துண்டுகளைத் தள்ளி வைத்துத் தொடருங்கள். பாதியை எடுத்து இரண்டாம் ஈடாகப் போட்டாலும் தப்பில்லை. வடித்த நீரைக் கொட்டாதீர்கள், அது நல்ல ரசத்துக்கு ஆகும்.

ஓரம் கறுத்து நடுவில் ஈரமாக இருந்தால் மேல் ராடுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு படி கீழே இறக்கி, சூட்டை 100க்குக் கொண்டுவாருங்கள். கறுத்த ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், கசப்பு அதில்தான் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் புளிப்பு தூக்கலாக இருந்தால் தக்காளி பழுக்கவில்லை என்று பொருள். அடுத்த தடவை சந்தேகம் வந்தால் உப்போடு கால் டீஸ்பூன் சர்க்கரை தூவுங்கள். நன்றாகப் பழுத்த தக்காளிக்கு அது வேண்டவே வேண்டாம்.

எடுத்து வைப்பது

இந்த இடத்தில் தயவுசெய்து ஊறுகாய் வழக்கத்தை மறந்துவிடுங்கள். ஊறுகாயும் வற்றலும் வெளியே கெடாமல் நிற்பது அதிக உப்பாலும் ஈரமின்மையாலும்தான். நம் தக்காளியில் உப்பு கொஞ்சம், ஈரம் நிறைய. அதை எண்ணெயில் மூழ்கவைத்து, கூடவே பூண்டையும் போட்டு அலமாரியில் வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்கலாம். நிறமோ வாசனையோ மாறாமலேயே அது நடக்கும் என்பதுதான் ஆபத்து.

அதனால் ஆறியவுடன், இரண்டு மணி நேரத்துக்குள், சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். பூண்டைத் தனியாக எடுத்து அன்றைக்கே சாப்பிட்டுவிடலாம். தோலைப் பிதுக்கினால் வெண்ணெய் போல வரும், சூடான சாதத்தில் பிசைந்தால் போதும். ஃப்ரிட்ஜில் கடலை எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் மங்கலாகி உறையும், அது கெட்டதல்ல. வெளியே பத்து நிமிடம் வைத்தால் தெளிந்துவிடும்.

அதிகம் செய்தால் ஃப்ரீசர்தான் வழி. தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு ஒரு பையில் கொட்டிக் காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். மூன்று மாதம் வரை சுவை நிற்கும், வேண்டும்போது நாலு துண்டு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் பருப்புக்கும் சட்னிக்கும் இந்தப் பைதான் கைகொடுத்தது. வற்றல் மிளகாய் இரண்டு, வாட்டிய தக்காளி ஐந்து துண்டு, ஒரு கல் உப்பு வைத்து அரைத்தால் தோசைக்குச் சட்னி தயார். புளியோ வெங்காயமோ வேண்டாம், தாளிப்பும் வேண்டாம்.

தட்டைக் கழுவுவதற்கு முன்னால், தாளில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பிசினைப் பாருங்கள். அரை டம்ளர் வெந்நீரைத் தாளின் மேல் ஊற்றி, கரண்டியால் தேய்த்துக் கரைத்து, ரசம் நுரைத்து வரும் நேரத்தில் அதில் சேர்த்துவிடுங்கள்.